‘ஒரு கடிதம் எழுதித் தர வேண்டும்’ என்று மட்டும் செய்தி வந்தால் எதைக் கேட்பது?

ராமநாதபுரம் கடற்கரை ஊர்களில் எழுதத் தெரிந்தவர் என்று ஒருவருக்குப் பெயர் வந்துவிட்டால், அவருடைய கைப்பேசிக்கு அடிக்கடி வரும் செய்தி இது: “தம்பி, ஒரு கடிதம் எழுதித் தர வேண்டும்.” அதற்கு மேல் ஒன்றும் இருக்காது. யாருக்கு, எதற்கு, எப்போதைக்கு என்று எதுவும் தெரியாது. இ-சேவை மையம் நடத்துபவர், மகளிர் குழுவுக்குக் கணக்கெழுதும் பெண், ஜமாஅத் அலுவலகத்திலோ தேவாலயப் பங்கு அலுவலகத்திலோ உதவியாக இருப்பவர், விடுமுறைக்கு வீடு வந்த கல்லூரிப் பிள்ளை என்று பலருக்கும் இந்த அனுபவம் உண்டு.

செய்தி அனுப்பியவர் அலட்சியத்தால் சுருக்கமாக எழுதவில்லை. அவர் அந்த விஷயத்தைப் பல வாரங்களாக மனத்தில் சுமந்துகொண்டிருக்கிறார். ஆபீஸ், அதிகாரி, நடந்த கதை எல்லாம் அவருக்குத் தெளிவாகத் தெரியும். தன்னிடம் இல்லாதது கடிதம் ஒன்றுதான் என்று நினைப்பதால் அதை மட்டும் கேட்கிறார். விஷயம் நமக்குத் தெரியாது என்பது அவருக்குத் தோன்றுவதே இல்லை. எனவே நாம் அனுப்பும் முதல் பதில்தான் மீதி வேலை முழுவதையும் தீர்மானிக்கிறது. அந்தப் பதிலை நான்கு விதமாக எழுதலாம். நான்கையும் பிறர் கையாண்டு பார்த்திருக்கிறேன், நானும் கையாண்டிருக்கிறேன்.

முதல் வழி, ஊகித்து உடனே எழுதிவிடுவது. இதைக் குறைத்து மதிப்பிட முடியாது. ஏனென்றால் இங்கே ஊகம் பெரும்பாலும் பலிக்கும். ஞாயிறு மாலையில் செய்தி வந்தால் மறுநாள் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்துக்கான மனுவாக இருக்கும். ஜூன் மாதம் என்றால் பள்ளி மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், விடுதி இடம் என்று ஏதாவது இருக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாத தடைக்காலத்தில், நிவாரணத் தொகையைப் பற்றியதாக இருக்கும். பருவத்தை வைத்துச் சொல்லிவிடலாம் என்ற துணிச்சல் இப்படித்தான் வருகிறது.

ஊகம் பொய்க்கும்போது அது வெளியே தெரியாமல் போவதுதான் இந்த வழியின் ஆபத்து. அழகாக அச்சிட்டு, பொருள், பார்வை எல்லாம் போட்டு ஒரு கடிதத்தைக் கையில் கொடுத்தால், “இது நான் கேட்டதில்லை” என்று சொல்ல நம் ஊரில் பலருக்கு நா எழாது. நமக்காக உட்கார்ந்து எழுதியிருக்கிறாரே, மறுத்தால் மரியாதையாக இருக்குமா என்று யோசிப்பார்கள். நன்றி சொல்லி வாங்கிக்கொண்டு போவார்கள். தவறிவிட்டதைக் காட்டும் அடையாளம் ஒன்று உண்டு. கடிதத்தை வாங்கியவர் “இதை எங்கே கொடுக்க வேண்டும்?” என்று கேட்பார். தனக்கு வேண்டிய கடிதமாக இருந்தால் அதைக் கொண்டுபோகும் இடம் அவருக்கே தெரிந்திருக்கும். அந்தக் கேள்வி வந்தால் காகிதத்தைத் திரும்ப வாங்கிவிட்டு முதலிலிருந்து பேசுவது நல்லது.

இரண்டாவது வழி, நீண்ட கேள்விப் பட்டியலை அனுப்புவது. பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், வயது, முகவரி, ஆதார் எண், குடும்ப அட்டை எண், வங்கிக் கணக்கு எண், கைப்பேசி எண், சம்பவம் நடந்த தேதி என்று பட்டியல் நீளும். இது பொறுப்பான வழியைப் போலத் தோன்றும். இ-சேவை மையங்களில் படிவம் நிரப்பிப் பழகியவர்களுக்குக் கை இயல்பாகவே இதற்குத்தான் போகும். ஆனால் படிவம் வேறு, கடிதம் வேறு. படிவத்தில் நோக்கம் ஏற்கெனவே மேலே அச்சிடப்பட்டிருக்கிறது. கடிதத்தில் அதுதான் இன்னும் தெரியாது.

இந்தப் பட்டியலுக்குப் பதில் எப்படி வரும் என்பதைப் பாருங்கள். எழுத்துக் கூட்டித் தட்டச்சு செய்ய முடியாதவர் வீட்டில் உள்ள எல்லா அட்டைகளையும் படமெடுத்து வரிசையாக அனுப்பிவிடுவார். ஆதாரின் இரு பக்கங்கள், குடும்ப அட்டை, வாக்காளர் அட்டை, வங்கிப் புத்தகம் எல்லாம் வந்து சேரும். எதற்குக் கடிதம் என்பது மட்டும் அப்போதும் வந்திருக்காது. மகனின் தலைமையாசிரியருக்கு எழுத வேண்டிய ஒரு பக்கக் கடிதத்துக்காக ஒரு குடும்பத்தின் அடையாளங்கள் முழுவதும் நம் கைப்பேசியில் கிடக்கும். அவற்றைப் பின்னால் நினைவாக அழிப்பவர்கள் எத்தனை பேர்? தேவைப்படாத ஆவணத்தைக் கேட்டு வாங்குவது தவறு என்றே நான் கருதுகிறேன். வேறு சிலர் பட்டியலைப் பார்த்ததும் மௌனமாகிவிடுவார்கள். பள்ளி விட்டுப் பிள்ளை வந்த பிறகு கேட்டுச் சொல்கிறேன் என்று தள்ளிப்போடுவார்கள். அதற்குள் கொடுக்க வேண்டிய நாள் போய்விடும்.

மூன்றாவது வழி, “எதைப் பற்றி? விவரமாகச் சொல்லுங்கள்” என்று திறந்து விடுவது. நேரில் அழைத்துப் பேசுவதும் இதில் சேரும். இதற்கு ஒரு பெருமை உண்டு. எந்தக் கேள்வியாலும் வெளியே எடுக்க முடியாத ஒரு விவரம், அவர் போக்கில் பேச விட்டால் தானாக வந்து விழும். தொல்லை என்னவென்றால் கதை தொடங்கும் இடம் அவருடைய மனக்கசப்பு தொடங்கிய இடமாக இருக்கும். வீட்டு மனைக்குப் பட்டா கேட்டு எழுத வேண்டியவர், பத்து வருடத்துக்கு முன்பு அண்ணன் தம்பிக்குள் நடந்த பாகப்பிரிவினையிலிருந்து தொடங்குவார். குரல் பதிவு மேல் குரல் பதிவாக வந்துகொண்டே இருக்கும். கேட்டு முடித்த பிறகும், இவற்றில் எது கடிதத்துக்குள் போக வேண்டும், எது போகக் கூடாது என்பது நமக்குத் தெரியாது. ஏனென்றால் அதைத் தீர்மானிக்கும் இரண்டு விஷயங்களை நாம் கேட்கவே இல்லை.

ஆகவே நான் தேர்ந்தெடுப்பது நான்காவது வழியை. இரண்டு கேள்வியும் ஒரு புகைப்படமும் கேட்டு, அவற்றிலிருந்து வரைவு எழுதி, தெரியாத இடங்களைக் கோடிட்டு விட்டு அனுப்புவது. எண்ணிக்கை குறைவாக இருப்பதால் மட்டும் இது சிறந்ததாகிவிடாது. எந்த இரண்டு என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

எந்த விவரத்தை முதலில் கேட்பது என்பதற்கு நான் வைத்திருக்கும் சோதனை எளிது. இந்த விடை மாறினால் கடிதத்தின் முதல் பத்தி மாறுமா? மாறும் என்றால் இப்போதே கேட்க வேண்டும். ஓர் இடத்தை நிரப்புவதற்கு மட்டும் பயன்படும் என்றால் கோடு போட்டு விட்டுவிடலாம். கதவு எண், வயது, கணக்கு எண், ஆதார் எண் எல்லாம் கோட்டில் நிற்கக் கூடியவை. அனுப்புநரே பேனாவால் எழுதிக்கொள்வார். யாரிடம் போகிறது என்பதும் அவரிடம் என்ன கேட்கிறோம் என்பதும் அப்படி நிற்க முடியாது. அவை தெரியாமல் ஒரு வாக்கியம்கூட எழுத இயலாது.

முதல் கேள்வியை “கடிதத்தை யாரிடம் கொடுக்கப் போகிறீர்கள்?” என்று கேட்கிறேன். “யாருக்கு எழுத வேண்டும்?” என்றால் பலர் பதவியின் சரியான பெயர் தெரியாமல் தயங்குவார்கள், அல்லது பெரிய இடமாக இருக்கட்டும் என்று முதலமைச்சர் வரை போவார்கள். யாரிடம் கொடுப்பது என்று கேட்டால் தாங்கள் நடந்து போகும் இடத்தைச் சொல்வார்கள். “வி.ஏ.ஓ.விடம்”, “ஹெச்.எம்.மிடம்”, “பேங்க் மேனேஜரிடம்”, “மண்டபத்தில் இருக்கிற மீன் ஆபீஸில்” என்று வரும். பதவியின் முழுப் பெயரை நாம் போட்டுக்கொள்ளலாம்.

இரண்டாவது, “அதைப் படித்துவிட்டு அவர் உங்களுக்கு என்ன செய்து தர வேண்டும்?” இதற்கு வரும் பதில்தான் கடிதத்தின் கடைசிப் பத்தி. பொருள் வரியும் இதிலிருந்துதான் பிறக்கிறது. மனுவா, புகாரா, விண்ணப்பமா என்று நான் கேட்பதில்லை. அந்தப் பிரிவினை எழுதுகிறவருடைய கவலை. கேட்கிறவர் எதையாவது ஒன்றைச் சொல்லிவைப்பார், பிறகு நாம் அதற்குக் கட்டுப்பட்டுவிடுவோம். புகார் என்று அவர் சொல்லிவிட்டதால், பணிவாகக் கேட்டால் கிடைத்துவிடக் கூடிய ஒரு விஷயத்துக்குக் குற்றச்சாட்டு எழுதுவது நடக்கிறது.

மூன்றாவதாக, “இது சம்பந்தமான காகிதம் ஏதாவது இருந்தால் ஒரே ஒரு படம் அனுப்புங்கள்.” அரசு அலுவலகத்திலிருந்து வந்த பழைய பதில் ஒன்று கையில் இருந்தால், அதிலேயே கோப்பைக் குறிக்கும் ந.க. எண், தேதி, அனுப்பிய அலுவலகம், பிரிவு, மனுதாரர் பெயர் எல்லாம் சரியான எழுத்தில் இருக்கும். பத்துக் கேள்விக்கான விடை ஒரு படத்தில் வந்துவிடுகிறது. கேட்டால் தவறாகச் சொல்லக் கூடிய எண்களும் தவறாமல் வந்துவிடுகின்றன. காகிதம் எதுவும் இல்லை என்பதும் பயனுள்ள பதிலே. அப்படியானால் இது முதல் மனு, பார்வை என்ற வரி தேவையில்லை என்று தெரிந்துவிடும்.

தேர்வு செய்யச் சொல்லிக் கேட்பது சிலருடைய பழக்கம். “பள்ளிக்கா, பேங்குக்கா, தாலுகா ஆபீசுக்கா?” என்று வரிசை கொடுத்தால் பதில் சீக்கிரம் வரும், அதை மறுக்கவில்லை. ஆனால் வரிசையில் இல்லாத இடத்துக்குப் போகிறவர், பக்கத்தில் உள்ளதைச் சொல்லிவிடுகிறார். தட்டச்சு வராத வயதானவர்களுக்கு மட்டும் இதை வைத்துக்கொள்ளலாம். அதிலும் கடைசியில் “இவை இல்லாமல் வேறா?” என்று சேர்த்துவிட வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டை முழுமையாகப் பார்ப்போம். ஜூலை மாதம், ஞாயிற்றுக்கிழமை மாலை. தங்கச்சிமடத்திலிருந்து ஒரு பெண் அனுப்புகிறார்: “தம்பி, ஒரு கடிதம் எழுதித் தர வேண்டும். நாளைக்கு வேண்டும்.”

ஊகிப்பவருக்கு இது வெல்லமாக இனிக்கும். நாளை திங்கட்கிழமை, எனவே ஆட்சியர் மனு. தடைக்காலம் முடிந்து சில வாரம்தான் ஆகிறது, எனவே நிவாரணம் வரவில்லை என்ற மனு. நிவாரணம் வங்கிக் கணக்கில் வர வேண்டியது, எனக்கு இன்னும் வரவில்லை, ஆவன செய்ய வேண்டும் என்று பத்து நிமிடத்தில் எழுதிவிடலாம். இந்த ஊகம் முழுவதும் தவறும் இல்லை.

கேள்வி கேட்பவர் இப்படிப் பதில் அனுப்புகிறார்: “சரி அக்கா, இன்று இரவே எழுதிவிடலாம். இரண்டு மட்டும் சொல்லுங்கள். யாரிடம் கொடுக்கப் போகிறீர்கள்? படித்துவிட்டு அவர் என்ன செய்து தர வேண்டும்? இது சம்பந்தமான காகிதம் இருந்தால் ஒரு படம் அனுப்புங்கள்.” முதல் வாக்கியம் முக்கியமானது. எழுதித் தருவேன் என்ற உறுதி கிடைத்த பிறகுதான் கேள்விகள் கேள்விகளாகப் படும். அது இல்லாவிட்டால் தட்டிக்கழிப்பதாகத் தோன்றும்.

பதில் வருகிறது: “கலெக்டரிடம். தடைக்காலப் பணம் வரவில்லை. போன வருடம் வந்தது.” கூடவே வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம் படமாக வருகிறது.

படத்தில் கணக்கு ஓர் ஆணின் பெயரில் இருக்கிறது. கேட்பவர் பெண். இங்கேதான் மூன்றாவது கேள்வி பிறக்கிறது. முதலிலேயே தயாரித்து வைத்திருக்க முடியாத கேள்வி அது: “புத்தகம் மாமா பெயரில் இருக்கிறதே அக்கா, அந்தக் கணக்கு இப்போதும் நடப்பில் இருக்கிறதா?” சற்று நேரம் கழித்துப் பதில் வருகிறது: “அவர் பங்குனிக் கடைசியில் தவறிவிட்டார் தம்பி.”

இத்துடன் கடிதம் முற்றிலும் வேறாகிவிடுகிறது. பணம் அனுப்பத் தவறிவிட்டார்கள் என்ற புகாருக்கு இடமில்லை. பயனாளி இறந்துவிட்டார், அவருடைய பெயருக்குப் பதிலாக மனைவியின் பெயரைச் சேர்த்து மனைவியின் கணக்கைப் பதிய வேண்டும் என்ற கோரிக்கை இது. ஊகித்து எழுதிய மனுவைக் கொண்டுபோயிருந்தால், பயனாளி இறந்துவிட்டார் என்று ஒரு வரியில் பதில் எழுதி முடித்திருப்பார்கள். அந்த வரியைக் கையில் வைத்துக்கொண்டு அவர் மறுபடி ஆரம்பத்திலிருந்து அலைந்திருப்பார்.

பங்குனிக் கடைசி என்ற சொல்லையும் கவனிக்க வேண்டும். பங்குனி ஏப்ரல் நடுவில் சித்திரை பிறக்கும்போது முடிகிறது. தடைக்காலம் ஏப்ரல் 15 அன்று தொடங்குகிறது. அதாவது அவர் இறந்தது தடைக்காலம் தொடங்குவதற்கு முன்பு. தடைக்காலத்துக்கு நடுவில் இறந்திருந்தால், அவர் உயிரோடு இருந்த நாட்களுக்கு உரிய தொகை என்ற வாதத்தை வைக்கலாம். முன்பே இறந்துவிட்டதால் அந்த வாதம் எடுபடாது. குடும்பம் தொடர்ந்து மீன்பிடித் தொழிலையே நம்பியிருக்கிறது என்பதை வைத்துத்தான் கேட்க வேண்டும். எனவே இறந்த தேதி கோட்டில் விடக் கூடிய விவரம் அல்ல. இறப்புச் சான்றிதழில் உள்ள ஆங்கிலத் தேதி வேண்டும். அதையும் குடும்பத்தில் யார் கடல் தொழிலில் இருக்கிறார்கள் என்பதையும் கேட்டுக்கொண்டால் போதும். மகன் நாட்டுப்படகில் போகிறானா, விசைப்படகில் போகிறானா, அக்கா மீன் விற்கிறாரா என்பது ஒரே வாக்கியமாகக் கடிதத்தில் வரும்.

அடுத்தது யாருக்கு என்பது. அவர் ஆட்சியர் என்கிறார். ஆட்சியரிடம் கொடுத்தாலும் மனு மீன்வளத் துறைக்குத்தான் அனுப்பப்படும். தங்கச்சிமடத்திலிருந்து பாம்பன் பாலம் தாண்டி ராமநாதபுரம் வரை பஸ் ஏறிப் போய் வரிசையில் நிற்பதைவிட, ராமேஸ்வரத்தில் உள்ள மீன்வளத் துறை உதவி இயக்குநர் அலுவலகம் பக்கம். பெயர்ப் பதிவு சம்பந்தமான கேள்வியை அங்கேயே கேட்டுக்கொள்ளலாம். அதே சமயம் ஆட்சியர் அலுவலகத்தில் கொடுத்தால் மனு எண்ணுடன் ஒப்புகைச் சீட்டு கிடைக்கும், பதில் வராவிட்டால் அதை வைத்துக் கேட்கலாம். எனது யோசனை உதவி இயக்குநருக்கு எழுதி, நகலை ஆட்சியருக்கு என்று போடுவது. ஆனால் இதை முடிவு செய்ய வேண்டியவர் அவர்தான். இரண்டு வழியையும் சொல்லிவிட்டு, எது என்று கேட்டுக்கொள்ள வேண்டும். ஊரார் நாலு பேர் சேர்ந்து ஒரே வேனில் ஆட்சியர் அலுவலகம் போவதாக ஏற்பாடு இருக்கலாம். அப்படியானால் ஆட்சியருக்கே எழுதுவது நல்லது.

வரைவு இப்படி அமையும்:

“அனுப்புநர்: ____, க/பெ (காலஞ்சென்ற) ____, ____ தெரு, தங்கச்சிமடம்.

பெறுநர்: மீன்வளத் துறை உதவி இயக்குநர் அவர்கள், ராமேஸ்வரம்.

பொருள்: மீன்பிடித் தடைக்கால நிவாரணம் – பயனாளியான கணவர் இறந்துவிட்டதால் என் பெயரைச் சேர்த்து நிவாரணம் வழங்கக் கோருதல்.

ஐயா, என் கணவர் திரு. ____ மீனவராக இருந்தார். கடந்த ஆண்டு வரை தடைக்கால நிவாரணம் அவருடைய வங்கிக் கணக்கில் வரவு வைக்கப்பட்டது. அவர் கடந்த ஏப்ரல் 10 அன்று இறந்துவிட்டார். என் மகன் ____ நாட்டுப்படகில் மீன்பிடித் தொழில் செய்கிறார். எங்கள் குடும்பம் இத்தொழிலையே நம்பியுள்ளது. இந்த ஆண்டு எங்கள் குடும்பத்துக்கு நிவாரணம் வரவில்லை.

எனவே, கணவர் பெயருக்குப் பதிலாக என் பெயரைப் பயனாளியாகச் சேர்த்து, இணைப்பில் உள்ள என் வங்கிக் கணக்கில் நிவாரணத்தை வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன். இதற்கு மேலும் ஆவணம் தேவை எனில், எவை என்று எழுத்தில் தெரிவிக்கவும் வேண்டுகிறேன்.

இணைப்பு: இறப்புச் சான்றிதழ் நகல், குடும்ப அட்டை நகல், என் வங்கிப் புத்தக முதல் பக்க நகல்.”

பெயரைச் சேர்க்க விதி இடம் தருகிறதா என்பதை அலுவலகம்தான் சொல்ல வேண்டும். கடிதத்தின் வேலை கேட்பதும், மறுப்பதானால் காரணத்தை எழுத்தில் வர வைப்பதும். கடைசி வாக்கியத்தை அதற்காகத்தான் சேர்த்தேன்.

கணவர் மீனவர் நல வாரியத்தில் உறுப்பினராக இருந்தாரா என்ற கேள்வி எழுதுகிறவருக்கு உடனே தோன்றும். இருந்திருந்தால் இறப்புக்கான உதவித்தொகை கேட்க வழி உண்டு. அதையும் இதே கடிதத்தில் சேர்த்துவிடலாமே என்று கை துடிக்கும். சேர்க்கக் கூடாது. ஒரு கடிதத்தில் இரண்டு கோரிக்கை இருந்தால் அலுவலகம் எளிதான ஒன்றுக்குப் பதில் எழுதிவிட்டுக் கோப்பை மூடிவிடும். இந்தக் கடிதம் முடிந்த பிறகு, உறுப்பினர் அட்டை இருக்கிறதா என்று தனியாகக் கேட்டு, இருந்தால் தனிக் கடிதம் எழுத வேண்டும்.

மொத்தமாக எண்ணிப் பார்த்தால், முதல் செய்தியில் இரண்டு கேள்வி, ஒரு படம். பிறகு படத்திலிருந்து எழுந்த கேள்வி, தேதியும் தொழிலும் பற்றி ஒன்று, எங்கே கொடுப்பது என்பதை உறுதி செய்ய ஒன்று. ஆதார் எண்ணைக் கேட்கவே இல்லை. வங்கிக் கணக்கு எண்ணையும் தட்டச்சு செய்யவில்லை, இணைப்பில் நகல் இருப்பதால்.

இந்த முறை செல்லாத இடங்களும் உண்டு. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒருவர் மனு கேட்டு வந்தால், “எதற்காக?” என்று கேட்பது தேவையற்றது. 2005-ஆம் ஆண்டின் அந்தச் சட்டம், தகவல் கேட்பவர் காரணம் சொல்ல வேண்டியதில்லை என்று தெளிவாகவே சொல்கிறது. அங்கே கேட்க வேண்டியது, எந்த அலுவலகத்தில் இருக்கும் எந்தக் காகிதம் வேண்டும், எந்தக் காலத்துக்குரியது என்பது. காரணத்தைக் கேட்டு வாங்கி மனுவிலும் எழுதிவிட்டால், மனு கேள்வியாக இல்லாமல் குற்றச்சாட்டாகிவிடுகிறது. பதில் கொடுக்கிறவரும் தற்காப்புக்குப் போய்விடுகிறார்.

இரண்டாவது கேள்விக்கு “ஒன்றும் செய்ய வேண்டாம், சும்மா எழுத வேண்டும்” என்று பதில் வருவதும் உண்டு. துபாயிலோ சவூதியிலோ இருக்கும் மகனுக்கு, தலைமன்னாரில் இருக்கும் சொந்தத்துக்கு, பிணக்கில் பல வருடம் பேசாமல் இருக்கும் அக்காவுக்கு எழுதச் சொல்கிறவர்கள் இவர்கள். பேசவே கைப்பேசி இருக்கும்போது ஏன் கடிதம் என்று கேட்டுவிடாதீர்கள். பேச முடியாததால்தான் எழுதச் சொல்கிறார்கள். இங்கே கேட்க வேண்டியவை முற்றிலும் வேறு. அவரை எப்படி அழைப்பீர்கள்? கடைசியாக எப்போது பேசினீர்கள்? எதைப் பற்றி எழுதவே கூடாது? மூன்றாவதுதான் மிக முக்கியம். கீழக்கரையில் லாத்தா என்று அழைக்கப்படும் அக்காவுக்கு ‘அன்புள்ள சகோதரி’ என்று எழுதிப் போட்டால், முதல் வரியிலேயே கடிதம் வேறொருவர் கையிலிருந்து வந்தது என்று தெரிந்துவிடும். எழுத வேண்டாம் என்றதை ஆறுதலாகத் தோன்றுகிறதே என்று நாம் சேர்த்துவிட்டால் அதன் விளைவை அனுபவிப்பவர் நாம் அல்ல.

கடலுக்குப் போன படகு இலங்கைக் கடற்படையிடம் பிடிபட்டது என்ற சேதியோடு வரும் செய்திக்கு இந்த ஒப்பீடே பொருந்தாது. நள்ளிரவிலோ விடியலிலோ “தம்பி, ஒரு கடிதம் வேண்டும்” என்று ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம் பக்கத்திலிருந்து செய்தி வந்தால் தட்டச்சில் கேள்வி கேட்டுக்கொண்டிருக்கக் கூடாது. உடனே அழைத்துப் பேச வேண்டும். அப்போது யாருக்கு என்பது தெரிந்த விஷயம். மீன்வளத் துறைக்கும் ஆட்சியருக்கும் போக வேண்டும். என்ன செய்ய வேண்டும் என்பதும் தெரிந்ததுதான். எனவே அந்த இரண்டையும் விட்டுவிட்டு, வழக்கமாகக் கோட்டில் விடும் விவரங்களைக் கேட்க வேண்டும். படகின் பதிவு எண், படகில் இருந்தவர்களின் பெயர்கள், எந்த இறங்குதளத்திலிருந்து எப்போது அனுமதிச் சீட்டு வாங்கிப் போனார்கள், கடைசியாக யாரோடு பேசினார்கள். பெயர்களை எழுத்துக்கு எழுத்து படித்துக் காட்டிச் சரிபார்க்க வேண்டும். ஒரே தெருவில் ஒரே பெயரில் மூன்று பேர் இருக்கும் ஊர்களில், தந்தை பெயர் இல்லாத பட்டியல் எவருக்கும் உதவாது.

இனி, இரண்டு கேள்விக்கும் பதிலே வராவிட்டால் என்ன செய்வது என்பது. அனுப்பியவர் கடலில் இருக்கலாம், கைப்பேசி பிள்ளையிடம் இருக்கலாம். அன்று மாலைக்குள் பதில் இல்லை என்றால் நான் ஊகித்து எழுத ஆரம்பிப்பதில்லை. கேள்வியை இன்னும் சுருக்கி ஒரு முறை அனுப்புவேன்: “எந்த ஆபீசுக்குக் கடிதம் அக்கா?” ஒரே சொல்லில் பதில் சொல்லக் கூடிய கேள்வி. “பேங்க்” என்று மட்டும் வந்தாலும் வேலை நகரும். அதுவும் வராவிட்டால் குரலில் அழைப்பேன். நாளைக்கே வேண்டும் என்று சொன்னவராக இருந்தால், காலையில் முதல் பஸ் புறப்படுவதற்கு முன்பு அந்த அழைப்பு போய்விட வேண்டும்.